மேலதிகாரிக்கு எழுதும்போது ‘அளிக்கவும்’ என்று முடிக்கலாமா?

ஜூன் 2, இரவு 9.15 – மதகடி

நேராகக் கேட்கிறேன். மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலை ‘அனுமதி அளிக்கவும்’ என்று முடிப்பது மரியாதைக் குறைவா?

வெண்ணாற்றுப் பகுதியில் ஒரு பாசன அலுவலகத்தில் பணி. ஊர் பெயர் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன், வேலையில் சேர்ந்த முதல் கோடையில், ஒரு வாய்க்கால் தலைப்பு மதகின் ஷட்டரை ஏற்றிப் பார்த்தோம். கால்வாசி ஏறியதும் நின்றுவிட்டது. திருகுத் தண்டு வளைந்திருந்தது. அன்று மாலை மேலதிகாரிக்கு நான் எழுதியது இவ்வளவுதான்:

“ஐயா, வாய்க்கால் தலைப்பு மதகில் 2ஆம் ஷட்டர் கால்வாசிக்கு மேல் ஏறவில்லை. திருகுத் தண்டு வளைந்துள்ளது. கழற்றி லேத் பட்டறையில் நிமிர்த்தி மாட்ட 2 நாள் ஆகும். செலவு சுமார் ரூ.18,000. அனுமதி அளிக்கவும்.”

மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்தார். ஷட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “அளிக்கவும் என்று நீ எனக்கு எழுதுகிறாயா? அது நான் உனக்கு எழுத வேண்டியது” என்றார். வைத்துவிட்டார்.

அதற்குப் பின் நடந்தது பெரிய கதை, பிறகு எழுதுகிறேன். இப்போது எங்கள் பிரிவில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய வரைவுகளைப் பார்த்து நான் என்ன சொல்வது என்பதுதான் என் கேள்வி.

ஜூன் 2, இரவு 10.02 – தென்னந்தோப்பு

மனு எழுதும்போது ‘ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிக்க வேண்டும். ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பட்டா மாறுதலுக்கு நான் அப்படித்தான் கொடுத்தேன், மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. கீழே கைப்பேசி எண் போட மறக்காதீர்கள்.

ஜூன் 2, இரவு 10.20 – மதகடி

தென்னந்தோப்பு, இது பொதுமக்கள் கொடுக்கும் மனு இல்லை. ஒரே அலுவலகத்துக்குள் கீழிருப்பவர் மேலிருப்பவருக்கு எழுதுவது. மனு எழுதுபவர் ஒரு முறை எழுதிவிட்டுப் போய்விடலாம். நான் அதே மனிதருக்கு வாரத்தில் பத்து முறை எழுத வேண்டும்.

ஜூன் 3, காலை 6.40 – பழைய கண்காணிப்பாளர்

34 ஆண்டுகள் அலுவலகக் கடிதங்களைத் திருத்தியவன். ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் இருக்கிறேன்.

அம்மா, உங்கள் அதிகாரி கோபப்பட்டது முறையில்லை. ஆனால் அவருடைய காதில் என்ன கேட்டது என்பது எனக்குப் புரிகிறது. ‘அனுப்பவும்’, ‘தெரிவிக்கவும்’, ‘அளிக்கவும்’ என்பவற்றில் ஆள் இல்லை. நீ என்றும் இல்லை, நீங்கள் என்றும் இல்லை. ‘வருக’, ‘வாழ்க’ என்பவை எப்படி யாரையும் சுட்டாமல் நிற்கின்றனவோ அப்படித்தான் இவையும். அதனால்தான் அறிவிப்புப் பலகையில் ‘வரிசையில் நிற்கவும்’ என்று எழுதினால் யாரும் வருத்தப்படுவதில்லை.

சொல்லில் குற்றமில்லை. பழக்கம்தான் அதற்கு ஒரு திசையைக் கொடுத்துவிட்டது. குறிப்பாணையும் நினைவூட்டுக் கடிதமும் மேலிருந்து கீழே வருபவை. அவற்றில் ஐம்பது ஆண்டுகளாக ‘உடன் அனுப்பவும்’, ‘காரணம் தெரிவிக்கவும்’ என்றே வருகிறது. அதையே நாள்தோறும் கையெழுத்திட்டு அனுப்புகிறவருக்கு, கீழிருந்து அதே முடிவு வந்தால் தன்னுடைய சொல்லைப் பிறர் எடுத்துக்கொண்டதுபோல் தோன்றும். அவ்வளவுதான் காரணம்.

மேலே போகும் கடிதத்துக்கு ‘அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ போதும். ‘தாழ்மையுடன்’, ‘பணிந்து’ எதுவும் தேவையில்லை. கேட்டுக்கொள்கிறேன் என்ற வினையிலேயே கேட்பவர் நான், கொடுப்பவர் நீங்கள் என்பது வந்துவிடுகிறது.

ஜூன் 3, காலை 8.05 – நன்னிலம் ஆசிரியர்

இலக்கணப்படி பார்த்தால் நீங்கள் எல்லாரும் எழுதுவது பிழை. ஒருவருக்கு ஒருமைதான் வர வேண்டும். ‘பொறியாளர் அவர்கள் வந்தார்கள்’ என்பது ஒருவரைப் பலராக்குகிறது. பழந்தமிழில் இந்தக் கும்பிடு கிடையாது, எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது. தூய தமிழில் எழுதினால் இந்தச் சிக்கலே இராது.

ஜூன் 3, காலை 9.10 – பழைய கண்காணிப்பாளர்

ஐயா, பாதி சரி. ஒருவரைப் பன்மையில் சொல்வது இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியம் சொல்வது உண்மை. ஆனால் அதே நூற்பாதான் அதை வழக்கில் உள்ள ‘உயர்சொல் கிளவி’ என்றும் ஏற்றுக்கொள்கிறது. அதாவது ஒருவரை உயர்த்திப் பன்மையில் சொல்லும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. பின்னால் வந்தது என்று சொல்ல முடியாது.

இன்றைக்கு ‘அவர்’ என்பதே பலர்பால் சொல்தான், ஒருவருக்கு ஆகிவிட்டது. அதற்கு மேல் ‘அவர்கள்’, அதற்கு மேல் ‘வந்தார்கள்’ என்று அடுக்குவதில் மட்டும் உங்களோடு உடன்படுகிறேன். ‘செயற்பொறியாளர் அவர்கள் ஆய்வு செய்தார்கள்’ என்று கோப்பில் இருந்தால், வந்தவர் ஒருவரா மூவரா என்று பிறகு தெரியாது. ‘ஆய்வு செய்தார்’ என்பதில் மரியாதை குறையவில்லை.

ஜூன் 3, இரவு 9.50 – மதகடி

மீதிக் கதையை எழுதுகிறேன்.

அந்த அழைப்புக்குப் பிறகு எனக்குக் கை நடுங்கியது. அதே நாள் மதியம், அலுவலகத்தில் இருந்த பழைய கடிதங்களைப் பார்த்துப் பார்த்து, அதே விஷயத்துக்கு இரண்டாவது மின்னஞ்சல் எழுதினேன். அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அப்படியே தருகிறேன்:

“பொருள்: மதகுகள் பராமரிப்பு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, பணிவான வணக்கம். தங்களின் மேலான வழிகாட்டுதலின்படி இப்பிரிவில் கோடைக்காலப் பராமரிப்புப் பணிகள் நல்ல முறையில் நடைபெற்று வருகின்றன என்பதைத் தங்களின் கனிவான கவனத்திற்குப் பணிந்து சமர்ப்பிக்கிறேன். பெரும்பாலான மதகுகளுக்கு மசகிடப்பட்டுள்ளது. ஓரிரு இடங்களில் சிறு குறைபாடுகள் காணப்படுவதால், அவற்றைச் சீர்செய்வது குறித்துத் தாங்கள் அன்புகூர்ந்து பரிசீலித்துத் தக்க அறிவுரை வழங்கினால் மிக்க நன்றியுடையவளாக இருப்பேன்.”

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. “பார்த்தேன். நன்று.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்லத்தான் இன்றும் கூசுகிறது. கோபம் தணிந்துவிட்டது என்பதிலேயே மனம் நின்றுவிட்டது. அனுமதி வரவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. மறுபடி கேட்கத் துணிவில்லை. மேட்டூர் திறந்தது, கல்லணை திறந்தது, எங்கள் தலைப்புக்கும் நீர் வந்தது. ஷட்டர் கால்வாசியில் நின்றது. நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்டைக் கழற்ற முடியாது. மேலே மரப்பலகை இறக்கி நீரைத் தடுத்து, கழற்றி, நிமிர்த்தி, மாட்டினோம். 2 நாள் வேலைக்கு 5 நாள் ஆனது. அந்த வாய்க்காலின் கடைசிப் பகுதிக்கு அந்த 5 நாளும் நீர் போகவில்லை. அங்கே குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்தவர்கள் வந்து நின்றார்கள்.

ஜூன் 3, இரவு 10.35 – கடைமடைக்காரன்

நான் கடைமடையில் நான்கு ஏக்கர் வைத்திருக்கிறேன். ஆழ்துளைக் கிணறு கிடையாது, எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. நீங்கள் சொல்வது எங்கள் வாய்க்கால் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் எங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது. முளைகட்டிய விதையைத் தெளித்துவிட்டு நீருக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் மண் வெடிக்கத் தொடங்கும். குடத்தில் நீர் சுமந்து ஊற்றியிருக்கிறோம்.

இத்தனை நாளாக மதகு பழுது என்றால் பணம் வரவில்லை, ஆள் வரவில்லை என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். ஒரு வார்த்தைக்காகவும் நின்றிருக்கும் என்பது இன்றுதான் தெரிகிறது. உங்கள் மேல் கோபமில்லை, தங்கை. மனம் ஆறவில்லை, அதனால் எழுதினேன்.

ஜூன் 4, காலை 6.15 – மதகடி

அண்ணா, நீங்கள் எழுதியதை இரவு பல முறை படித்தேன். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 4, காலை 7.00 – பழைய கண்காணிப்பாளர்

அம்மா, உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதிகாரி குறை சொன்னது முதல் கடிதத்தின் கடைசிச் சொல்லை மட்டும்தான். நீங்கள் திருத்தியபோது அந்தச் சொல்லோடு நிற்காமல் செய்தியையும் மென்மையாக்கிவிட்டீர்கள். ‘2ஆம் ஷட்டர் ஏறவில்லை’ என்பது ‘ஓரிரு இடங்களில் சிறு குறைபாடுகள்’ ஆகிவிட்டது. ‘2 நாள், ரூ.18,000’ காணாமல் போய்விட்டது. ‘அனுமதி’ என்ற சொல்லே இரண்டாவது கடிதத்தில் இல்லை. ‘தக்க அறிவுரை’ என்று கேட்டீர்கள், ‘நன்று’ என்ற அறிவுரை வந்தது. நீங்கள் கேட்டதற்குத்தான் அவர் பதில் சொல்லியிருக்கிறார்.

புதிதாகச் சேர்ந்த பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். மரியாதையை ஆளுக்குக் கொடுக்க வேண்டும், செய்திக்குக் கொடுக்கக் கூடாது. ஷட்டருக்கு நாம் ஏன் பணிய வேண்டும்? ‘வளைந்துள்ளது’ என்பது வளைந்துள்ளதுதான். அதை ‘சற்று வளைவு காணப்படுவதாகத் தெரிகிறது’ என்று எழுதினால் அதிகாரிக்குக் கூடுதல் மரியாதை கிடைப்பதில்லை, தண்டு நேராக இருக்கலாமோ என்ற ஐயம்தான் கிடைக்கிறது.

உங்கள் முதல் கடிதத்தில் நான் மாற்றுவது இரண்டே இடம். தொடக்கத்தில் ‘ஐயா, வணக்கம்.’ முடிவில் ‘அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ நடுவில் ஓர் எழுத்தையும் தொட மாட்டேன்.

ஜூன் 4, காலை 11.30 – இரண்டாம் மாடி

நான் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன், சொந்த ஊர் மன்னார்குடி. எங்களிடம் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும், இயக்குநரைக்கூட. முதல் ஆறு மாதம் என்னால் முடியவில்லை. மின்னஞ்சலில் பெயரைத் தவிர்த்துவிட்டு ‘வணக்கம்’ என்று மட்டும் தொடங்குவேன். பிறகு பழகிவிட்டது.

ஆனால் பெயர் சொல்லி அழைப்பதால் நேராகப் பேசிவிடுகிறோம் என்று நினைக்க வேண்டாம். சென்ற மாதம் எங்கள் குழுத் தலைவர் கொடுத்த கால அளவு போதாது என்று எல்லாருக்கும் தெரியும். பெயர் சொல்லி, புன்னகைக் குறி போட்டு, ‘முயன்று பார்க்கிறோம்’ என்று எழுதினோம். ஒருவரும் ‘முடியாது’ என்று எழுதவில்லை. உங்கள் ‘சிறு குறைபாடுகள்’ எங்களிடமும் இருக்கிறது, ஐயா என்ற சொல் மட்டும்தான் இல்லை.

ஜூன் 4, மாலை 6.20 – புதிய நாற்காலி

மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 31. தஞ்சை மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில் ஒன்பது பேருக்கு மேலதிகாரி. அவர்களில் ஆறு பேர் என்னைவிட மூத்தவர்கள், ஒருவருக்கு என் அப்பாவின் வயது.

ஒன்று. நான் மின்னஞ்சலைப் பெரும்பாலும் கைப்பேசியில், களத்துக்குப் போகும் வண்டியில் பார்க்கிறேன். திறப்பதற்கு முன் திரையில் தெரிவது பொருள் வரியும் கடிதத்தின் முதல் சில சொற்களும்தான். வரும் கடிதங்களில் பாதிக்கு அந்த இடத்தில் ‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, பணிவான வணக்கம். தங்களின் மேலான’ என்று நின்றுவிடுகிறது. பொருள் வரியில் ‘தொடர்பாக’. எது அவசரம் என்று எனக்கு எப்படித் தெரியும்? மதகடி, உங்கள் அதிகாரி இரண்டாவது கடிதத்தைத் திறந்து முழுதும் படித்தாரா என்பதே எனக்கு ஐயம்தான்.

இரண்டு. ‘அளிக்கவும்’ என்று எனக்கு யாராவது எழுதினால் நான் கவனிப்பதுகூட இல்லை. ஆகவே எல்லா அதிகாரிக்கும் ஒரே விதி என்று பெரியவர் சொல்வதை நான் ஏற்கவில்லை.

மூன்று. எனக்கும் ஒரு சிக்கல் உண்டு. அப்பா வயதுக்காரருக்கு ‘இதுவரை வரவில்லை, காரணம் தெரிவிக்கவும்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் ‘நேரம் கிடைக்கும்போது அனுப்பினால் நன்றாக இருக்கும்’ என்று எழுதினேன். அவர் நேரம் கிடைக்கும்போதுதான் அனுப்பினார். அவர் மேல் தவறில்லை.

ஜூன் 4, இரவு 8.45 – பழைய கண்காணிப்பாளர்

தம்பி, கைப்பேசி பற்றி எனக்குத் தோன்றவில்லை. என் காலத்தில் கடிதம் தாளில் வரும், முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரியும். வணக்க வரி எவ்வளவு நீண்டாலும் கண் தாண்டிப் போய்விடும். திரையில் அது வழியை அடைக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி. அப்படியானால் என் திருத்தத்தை மாற்றிக்கொள்கிறேன். பொருள் வரியில் ‘தொடர்பாக’ என்பதை விட்டுவிட்டுச் செய்தியையே வைக்க வேண்டும். ‘பொருள்: தலைப்பு மதகு 2ஆம் ஷட்டர் ஏறவில்லை – ரூ.18,000 செலவிட அனுமதி கோருதல்.’ ‘கோருதல்’ என்ற முடிவு பழைய கடிதங்களிலேயே உண்டு, யாரையும் உறுத்தாது.

மூத்தவருக்கு எழுதுவது பற்றி: ‘ஐயா’ என்று தொடங்குங்கள், அவர் உங்களுக்குக் கீழே இருந்தாலும். அதில் உங்கள் நாற்காலி இறங்கிவிடாது. ஆனால் நாளைத் தளர்த்தாதீர்கள். ‘ஐயா, மே மாத அறிக்கை வெள்ளி மாலைக்குள் எனக்குத் தேவை. சனிக்கிழமை மேலிடத்துக்கு அனுப்புகிறேன்.’ இதில் கட்டளையும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

ஜூன் 5, இரவு 9.30 – மதகடி

புதிய நாற்காலி சொன்னதைப் படித்துவிட்டு, என் அலுவலகக் கணக்கில் சென்ற ஆண்டு அனுப்பிய கடிதங்களின் பொருள் வரிகளை மட்டும் வரிசையாகப் பார்த்தேன். ‘பராமரிப்பு தொடர்பாக’, ‘ஆய்வு தொடர்பாக’, ‘ஷட்டர் தொடர்பாக’. எது எதைப் பற்றியது என்று எழுதிய எனக்கே தெரியவில்லை.

இன்னொன்று நினைவுக்கு வந்தது. அந்த 5 நாள் தாமதத்துக்குப் பிறகு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். அதில் ஒரு வாக்கியம் எழுதினேன்: “பாசனப் பணியாளர்கள் தாங்கள் மே மாதமே இம்மதகைப் பார்த்துவிட்டதாகத் தெரிவித்தனர்.”

நான் சொல்ல வந்தது, பணியாளர்கள் பார்த்தார்கள் என்பது. அதிகாரி படித்தது, ‘தாங்கள்’, அதாவது அவர், மே மாதமே பார்த்துவிட்டார் என்பது. பழுதைத் தெரிந்தே விட்டுவிட்டார் என்று நான் அவர் மேல் எழுத்தில் பழி போட்டதாக ஆகிவிட்டது. அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது. எங்கள் இருவருக்கும் இடையில் கெட்டுப்போனது ‘அளிக்கவும்’ என்பதாலா இதனாலா என்று கேட்டால், இதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் 5, இரவு 10.15 – நன்னிலம் ஆசிரியர்

இது நல்ல எடுத்துக்காட்டு. ‘தாம்’, ‘தாங்கள்’ என்பவை முன்னால் சொன்ன பலரைத் திரும்பச் சுட்டும் சொற்கள். அதையே எதிரில் இருப்பவரை உயர்த்தவும் எடுத்துக்கொண்டோம். இரண்டு வேலையும் ஒரே வாக்கியத்தில் வந்தால் இப்படித்தான் ஆகும். உங்கள் வாக்கியத்தில் இரண்டு பொருளுமே இலக்கணப்படி சரி, அதிகாரி தவறாகப் படிக்கவில்லை. முன்பு நான் எழுதியதைப் பெரியவர் திருத்தியதையும் ஏற்கிறேன். வீட்டில் உரை நூலை எடுத்துப் பார்த்தேன், அவர் சொன்னபடிதான் இருக்கிறது.

ஜூன் 6, காலை 6.30 – பழைய கண்காணிப்பாளர்

பிறர் சொன்னதை எழுதும்போது ‘தாங்கள்’ வேண்டாம் என்று நான் வரைவுகளில் அடித்துவிடுவேன். ‘பணியாளர்கள் மே மாதமே இம்மதகைப் பார்த்ததாகத் தெரிவித்தனர்’ என்றால் பார்த்தவர் யார் என்பதில் ஐயமில்லை. அதிகாரியைச் சொல்ல வேண்டுமானால் அவர் பதவியைச் சொல்லலாம். அல்லது ‘நீங்கள்’ என்று எழுதலாம். ‘நீங்கள்’ மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். ‘நீ’ ஒருவருக்கு, ‘நீங்கள்’ பலருக்கு. அதுவே ஒருவரை உயர்த்தச் சொன்ன பன்மைதான்.

ஜூன் 6, இரவு 9.00 – மதகடி

இன்று ஒரு சோதனை. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு தம்பி வரைவு கொண்டுவந்தான். இன்னொரு மதகு. ஷட்டரின் அடிப்பகுதித் தகடு அரித்து, மூடினாலும் நீர் கசியும். அவன் எழுதியது: “கசிவு இருக்க வாய்ப்புள்ளதாகக் கருதப்படுகிறது.”

“யார் கருதுவது?” என்று கேட்டேன். “நான்தான் அக்கா” என்றான். “எப்படித் தெரியும்?” “விரல் நுழையும் அளவு ஓட்டை, கையை விட்டுப் பார்த்தேன்.” பிறகு ஏன் ‘கருதப்படுகிறது’ என்று கேட்டதற்கு, ‘நான் பார்த்தேன்’ என்று எழுதினால் அகந்தை போல இருக்கும் என்றான். நான் அந்த வயதில் அப்படியேதான் நினைத்தேன்.

கடைசியில் அவன் அனுப்பியது:

“பொருள்: 5ஆம் மதகு ஷட்டர் தகட்டில் ஓட்டை – நீர் திறப்பதற்கு முன் ஒட்டுப்போட அனுமதி கோருதல்.

ஐயா, வணக்கம். இன்று காலை 5ஆம் மதகைப் பார்த்தேன். ஷட்டரின் அடித் தகட்டில் மூன்று இடங்களில் ஓட்டை உள்ளது. பெரியது ஒரு விரல் அகலம். படம் இணைத்துள்ளேன். ஒட்டுப்போட ஒரு நாள் போதும். வெல்டிங் ஆள் திங்கள், செவ்வாய் இரு நாள் மட்டும் கிடைப்பார். திங்கள் காலை 10 மணிக்குள் அனுமதி கிடைத்தால் அன்றே முடித்துவிடலாம். அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

‘10 மணிக்குள்’ என்பதை எடுத்துவிடலாமா என்று அவன் தயங்கினான். வெல்டிங் ஆளின் நாள் முன்னால் இருப்பதால் அது அதிகாரிக்கு வைத்த கெடுவாகத் தோன்றாது என்று நினைத்து, அப்படியே இருக்கட்டும் என்றேன்.

ஜூன் 7, காலை 7.10 – பழைய கண்காணிப்பாளர்

கெடுவின் காரணத்தை முன்னால் வைத்தது சரி. ‘10 மணிக்குள் அனுமதி அளிக்குமாறு’ என்று நேரத்தையும் வேண்டுகோளையும் ஒரே வாக்கியத்தில் கட்டியிருந்தால் கெடு ஆகியிருக்கும்.

ஜூன் 7, காலை 10.40 – புதிய நாற்காலி

பதில் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘அனுமதி கிடைக்காவிட்டால் மணல் மூட்டை அடுக்குவோம், கசிவு முழுதும் நிற்காது’ என்று ஒரு வரி. அப்போதுதான் பதில் சொல்லாமல் இருப்பதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 7, காலை 11.25 – பழைய கண்காணிப்பாளர்

அதை நான் எழுத விடமாட்டேன், தம்பி. உங்களுக்கு அது தகவல். வேறொருவருக்கு அது மிரட்டல். பிற்பாடு தவறு நேர்ந்தால் எடுத்துக் காட்டத்தான் இப்படி எழுதி வைத்திருக்கிறாள் என்று நினைப்பவர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரியைக் கடிதத்தில் வைக்காமல் தொலைபேசியில் சொல்லலாம்.

ஜூன் 7, பிற்பகல் 2.15 – கடைமடைக்காரன்

தொலைபேசியில் சொன்னது யாருக்குத் தெரியும்? எழுத்தில் இருந்தால் நாளைக்கு நாங்கள் கேட்கும்போது காட்டலாம். பெரியவர் அதிகாரியின் மனத்தை நினைக்கிறார். நான் எங்கள் நாற்றங்காலை நினைக்கிறேன். அந்த வரி இருக்கட்டும் என்பேன்.

ஜூன் 9, இரவு 8.30 – மதகடி

அந்தத் தம்பியின் கடிதத்துக்கு இன்று காலை 9.20க்குப் பதில் வந்தது. “சரி. தொடங்கவும்.” மாலைக்குள் ஒட்டுப்போட்டாகிவிட்டது.

புதிய நாற்காலி கேட்ட அந்த வரியை நாங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. இப்போதைய அதிகாரி வேறு மனிதர், கோபக்காரர் இல்லை. என் முதல் அதிகாரிக்கு இதே கடிதம் போயிருந்தால் ‘10 மணிக்குள்’ என்பதற்கே அழைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, பிறகு எழுதியிருக்க வேண்டும்.

அண்ணா கேட்டதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்தில் இல்லாவிட்டால் நான் சொன்னேன் என்பதற்கு என்னிடம் ஒன்றும் இராது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அதிகாரியைக் கோபப்படுத்திய அந்த முதல் மின்னஞ்சல்தான். விளக்கம் கேட்டபோது அதைத்தான் எடுத்துக் காட்டினேன்.

ஜூன் 19, காலை 6.50 – கடைமடைக்காரன்

தலைப்பில் நீர் வந்துவிட்டது என்கிறார்கள். எங்களுக்கு இன்னும் வரவில்லை. நேற்று மாலை சைக்கிளில் வாய்க்கால் கரையோடு மேலே போய்ப் பார்த்தேன். மதகு சரியாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் மேலே, சிறு பாலத்தின் கண்களில் ஆகாயத்தாமரை வந்து அடைத்திருக்கிறது. பாலத்துக்கு மேல்பக்கம் நீர் நிற்கிறது, கீழ்ப்பக்கம் கணுக்கால்கூட நனையவில்லை.

ஜூன் 19, காலை 7.05 – மதகடி

அண்ணா, உங்கள் ஊரும் வாய்க்கால் பெயரும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். எங்கள் பிரிவாக இருந்தால் நானே போகிறேன். வேறு பிரிவாக இருந்தால் அங்கே என்னோடு படித்தவர் இருக்கிறார். பாலத்தை ஒரு படம் எடுத்து, பொருள் வரியில் இப்படி எழுதி அனுப்புங்கள்: ‘சிறு பாலத்தில் ஆகாயத்தாமரை அடைப்பு – கீழே நீர் வரவில்லை – இன்று அகற்றக் கோருதல்.’ வணக்கம் ஒன்று போதும்.